வாடகை அறையில் ஆணி இல்லாமல் படம் மாட்டுவது: பட்டி தாங்கும், பெயின்ற் தாங்குமா?

கேள்வி: உவர்மலையில மேல்மாடி அறை ஒண்டு வாடகைக்கு எடுத்திருக்கிறன். ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ற் பெயர்ந்தா அட்வான்சில கழிப்பன் எண்டு வீட்டுக்காரர் சொல்லிப்போட்டார். 12க்கு 18 அங்குலக் குடும்பப் படம் ஒண்டு, சின்னச் சாமிப்படம் ரெண்டு மாட்டவேணும். பை, குடை கொழுவக் கொக்கியும் வேணும். ஒட்டுற பட்டி எவ்வளவு பாரம் தாங்கும்? சுவரை என்ன செய்யவேணும்?

பதில்:

பக்கற்றில் போட்டிருக்கும் கிலோக் கணக்கைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். கழற்றக்கூடிய ஒட்டுப்பட்டி சுவரைப் பிடிப்பதில்லை. சுவரின் மேல் இருக்கும் பெயின்ற் படலத்தைத்தான் பிடிக்கிறது. அந்தப் படலம் பூச்சோடு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் படத்துக்குப் பாதுகாப்பு. படம் விழுந்ததும் பட்டியைக் குறை சொல்வார்கள். விழுந்த பட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பாதி நேரம் சுவரின் நிறமே அதில் ஒட்டியிருக்கும்.

எங்கள் பக்கத்து வாடகை அறைகளில் மூன்று வகைச் சுவர்களைப் பார்க்கலாம். முதலாவது, சீமெந்துப் பூச்சின் மேல் நேராகச் சுண்ணாம்போ மலிவான கலர் தண்ணீரோ அடித்தது. இதில் எந்தப் பட்டியும் நிற்காது, முயற்சியே வேண்டாம். இரண்டாவது, எமல்சன் பெயின்ற் அடித்தது. பெரும்பாலான அறைகள் இப்படித்தான், ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே எமல்சன் அடித்திருந்தால் பார்வைக்குப் புதுச் சுவர். பட்டிக்கு அது சுண்ணாம்புச் சுவரேதான். மூன்றாவது, வோல் புட்டி பூசி மட்டமாக்கி, அடிப்பூச்சும் அடித்து, மேலே பளபளப்பான பெயின்ற் அடித்தது. இதற்குத்தான் பக்கற்றில் உள்ள எண்கள் பொருந்தும்.

எது உங்கள் சுவர் என்று அறிய மூன்று சோதனைகள் போதும். அலுமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் செய்யுங்கள். கறுப்புத் துணியை விரலில் சுற்றிச் சுவரில் அழுத்தி ஐந்தாறு தடவை தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் பெயின்ற் பொடிகிறது என்று அர்த்தம். ஒரு துளி தண்ணீரை வையுங்கள். முத்துப்போல் நின்று மெல்ல வழிந்தால் நல்லது, வைத்தவுடன் உறிஞ்சிக் கறுத்தால் அது சுண்ணாம்போ மெலிந்த பெயின்றோதான். கடைசியாக, பெட்டி ஒட்டும் பழுப்பு ரேப்பில் ஒரு சாண் எடுத்து நன்றாக அழுத்தி ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, சட்டென்று இழுங்கள். ரேப்பில் பெயின்ற் துகள் வந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையிலேயே ஒரு சிறு துண்டு பெயரலாம், அதனால்தான் மறைவிடம்.

அறை புதிதாகப் பெயின்ற் அடித்ததா என்றும் கேளுங்கள். ஆள் மாறும்போது ஒரு கை அடித்துவிட்டுத் திறப்பைக் கொடுப்பது இங்கே வழக்கம். ஏழு நாள் பொறுக்கச் சொல்லிப் பக்கற்றில் இருக்கும். எமல்சன் தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே இறுகுவதற்கு இன்னும் நாள் பிடிக்கும். மழைக் காலத்தில் மூன்று, நான்கு வாரம் விடுவதே நல்லது.

இனிப் பாரக் கணக்கு. கடைகளில் அதிகம் கிடைக்கும் 3எம் நிறுவனத்தின் கொமாண்ட் பட்டிகளை வைத்துச் சொல்கிறேன். படம் மாட்டும் பட்டி சோடியாக வரும்: ஒன்று சுவரில், ஒன்று பிரேமில், இரண்டும் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். சிறியதில் நான்கு சோடிக்கு 1.8 கிலோ, நடுத்தரத்தில் நான்கு சோடிக்கு 5.4 கிலோ, பெரியதில் நான்கு சோடிக்கு 7.2 கிலோ. இவை நான்கு சோடியும் சேர்ந்து தாங்கும் பாரம். பலர் பக்கற்றின் முகப்பில் பெரிதாக உள்ள எண்ணை ஒரு சோடியின் பலம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு சோடிக்கு என்று பிரித்தால் சிறியது 450 கிறாம், நடுத்தரம் 1.35 கிலோ, பெரியது 1.8 கிலோ. பெயர் இல்லாத மலிவுப் பக்கற்றுகளில் அந்த எண் ஒன்றுக்கா, முழுவதுக்குமா என்றே எழுதியிருக்காது. அவற்றை ஒரு படத்துக்கும் நம்பவேண்டாம்.

மூன்று சோதனையிலும் தேறிய சாதாரண எமல்சன் சுவர் என்றால் இந்த எண்களில் பாதியைத்தான் எடுக்கவேண்டும் என்பது என் கணக்கு. கம்பனி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எண்ணுவது மழமழப்பான, நன்றாக ஒட்டிய பெயின்றை. எங்கள் சுவர்களோ மட்டப்பலகையின் வரிகளும் மணல் பருக்கைகளும் உள்ளவை. பட்டி உண்மையில் தொடும் பரப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

உங்கள் 12க்கு 18 படத்தையே எடுப்போம். குசினித் தராசில் நிறுத்தால் போதும், ஆனால் பாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் குறைக்கவும் வழி தெரியும். அந்த அளவுக் கண்ணாடி 0.14 சதுர மீற்றர். 2 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 5 கிலோ, ஆகவே கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 700 கிறாம். பின்பக்கம் 3 மில்லிமீற்றர் எம்.டி.எப். பலகை என்றால் இன்னொரு 300 கிறாம். சட்டம் ஒரு 400 என்று வையுங்கள். மொத்தம் 1.4 கிலோ. நடுத்தரப் பட்டி நான்கு சோடியின் 5.4 கிலோவில் பாதி 2.7, தாராளம். இரண்டே சோடி போட்டால் பாதிக் கணக்கில் 1.35 கிலோதான், மயிரிழையில் தவறுகிறது. நான்கு சோடி போடுங்கள். பிரேம் கடையில் கண்ணாடிக்குப் பதிலாக அதே தடிப்பில் அக்கிரிலிக் போடச் சொன்னால் 700 கிறாம் 330 ஆகக் குறையும், விழுந்தாலும் உடைந்து சிதறாது. கட்டிலுக்கு நேர் மேலே மட்டும் எந்தப் படத்தையும் ஒட்டவேண்டாம், அக்கிரிலிக் ஆனாலும்.

சின்னச் சாமிப்படம் ஒன்று 300 கிறாம் வரும் என்று வைத்தால் சிறிய பட்டி இரண்டு சோடி போதும். ஆனால் மாலை போடுவீர்களா? நனைந்த பூமாலையின் பாரமும் சேரும், தண்ணீரும் பட்டிக்குள் இறங்கும். கீழே விளக்கு ஏற்றுவதாக இருந்தால் சூடும் எண்ணெய்ப் புகையும் வேறு. சாமிப்படத்தை ஒரு சின்ன மேசையிலோ அலுமாரித் தட்டிலோ சுவரோடு சாய்த்து வைப்பதைத்தான் நான் சொல்லுவேன்.

கொக்கியின் கதை வேறு. பிரேமின் பாரம் சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்கிறது; பட்டிக்கு அது பிடித்தமான திசை. கொக்கியில் பை தொங்கும்போது பாரம் சுவரிலிருந்து வெளியே நிற்கிறது, அதனால் கொக்கியின் மேல் விளிம்பு சுவரிலிருந்து கிளம்பப் பார்க்கிறது. தோசையைக் கல்லிலிருந்து முழுதாகத் தூக்க முடியாது, ஓரத்தைக் கிளப்பினால் எழும்பிவிடும். பட்டியும் அப்படித்தான் உரிகிறது. கணக்கில் பாருங்கள். 1.4 கிலோப் படம், 3 சென்ரிமீற்றர் தடிப்பு, மேல் பட்டிக்கும் கீழ்ப் பட்டிக்கும் இடையில் 30 சென்ரிமீற்றர்: மேலே வெளிநோக்கிய இழுவை வெறும் 70 கிறாம் அளவு, அதுவும் இரண்டு பட்டிக்குப் பிரிகிறது. ஒரு கிலோப் பை, சுவரிலிருந்து 3 சென்ரிமீற்றர் வெளியே, 7 சென்ரிமீற்றர் உயரக் கொக்கி: மேல் விளிம்பில் இழுவை 430 கிறாமுக்குக் குறையாது, அதுவும் ஒரே பட்டியின் ஒரே ஓரத்தில். பையை எடுக்கும்போது வெளியே ஒரு வெட்டு, கொழுவும்போது கீழே ஒரு இடி. ஒவ்வொரு நாளும்.

கொக்கிகளுக்குச் சிறியது 450 கிறாம், நடுத்தரம் 1.3 கிலோ, பெரியது 2.2 கிலோ என்று பக்கற்றில் இருக்கும். குடை, தொப்பி, திறப்புக் கோர்வை இவற்றுக்குச் சுவர் சரி. புத்தகமோ மடிக்கணினியோ உள்ள பையைச் சுவர்க் கொக்கியில் மாட்டாதீர்கள். அதற்கு நல்ல இடம் அறைக் கதவு. எனாமல் அல்லது வார்னிஷ் அடித்த மரம் வழவழப்பானது, படலமும் இறுக்கமானது. பக்கற்றின் எண் அங்கே ஏறக்குறைய முழுதாகவே செல்லும். இன்னும் நல்லது, கதவின் மேல் விளிம்பில் கொழுவும் தகரக் கொக்கி. அதற்கு ஒட்டும் தேவையில்லை, ஒன்றையும் பெயர்க்காது. கதவு நிலையோடு மூடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இடம் பார்க்கும்போது பகல் 3 மணிக்கு உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள். இந்தப் பட்டிகள் 10 முதல் 40 பாகை செல்சியஸ் வரைக்குத்தான் செய்யப்பட்டவை. 10 பாகை எங்களுக்குக் கவலையில்லை; 40 கவலைதான். கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்குப் பார்த்த வெளிச்சுவர், அதுவும் மேல்மாடியில், வெயிலை வாங்கி உள்ளே கடத்தும். சூட்டில் பிசின் இளகும், படம் ஒரேயடியாக விழாமல் நாளுக்கு ஒரு மில்லிமீற்றராக வழுகும். கை வைத்தால் சுவர் உடம்புச் சூட்டைவிடச் சூடாகத் தெரிந்தால் அதை விட்டு, இரண்டு அறைகளுக்கு இடையிலுள்ள உட்சுவரைத் தெரிவு செய்யுங்கள்.

மாரியில் ஈரம் எதிரி. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாடைக் காற்றோடு சாரல் அடிக்கும் சுவர் உள்ளேயும் நனைந்திருக்கும். ஒரு அடி சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ரேப்பால் அடைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்தால் சுவர் மூச்சுவிடுகிறது என்று பொருள், அங்கே ஒட்டவேண்டாம். வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தையும் தொடவேண்டாம். துடைத்தால் போகும், திரும்ப வரும், வரும்போது பெயின்றையும் தள்ளிக்கொண்டு வரும்.

துடைப்பதற்கு ஐசோப்ரொபைல் அல்கஹோல் 70 வீதம் வாங்குங்கள். பாமசியில் 'ஸ்பிரிட்' என்று மட்டும் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தரக்கூடும். பிரித்தானிய மருந்தகச் சூத்திரப்படி செய்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோலுக்கு இதமாக ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று எண்ணெய் பூசிவிட்டு அதன் மேல் பட்டியை ஒட்டுவது இப்படித்தான் நடக்கிறது. கை கழுவும் சானிற்றைசரிலும் கிளிசரின் இருக்கும். வாங்கியதைக் கண்ணாடியில் ஒரு துளி தேய்த்துக் காயவிடுங்கள். மங்கலோ வழுவழுப்போ மிஞ்சினால் அது வேண்டாம். கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர் எல்லாம் இதே காரணத்தால் ஆகாது.

முதலில் காய்ந்த துணியால் தூசு தட்டுங்கள். பிறகு நூல் பிரியாத பருத்தித் துணியை அல்கஹோலில் ஈரமாக்கி, சொட்டச் சொட்ட அல்ல, பட்டி வரும் இடத்தை ஒரே திசையில் இரண்டு முறை இழுங்கள். நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் தினமும் எரியும் அறையில் துணி மஞ்சளாக வரும்; அப்படியானால் துணியின் புதுப் பக்கத்தால் இன்னொரு முறை. போட்டுத் தேய்க்கவேண்டாம், அல்கஹோல் எமல்சனையும் கரைக்கும். சுவரின் நிறமே துணியில் விடாமல் வந்துகொண்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். துடைத்தபின் ஐந்து, பத்து நிமிடம் காயவிடுங்கள், மின்விசிறி சுழன்றால் போதும். பிரேமின் பின்பக்கத்தையும் இதேபோல் துடைக்கவேண்டும், பலர் இதை விட்டுவிடுவார்கள். பட்டி ஒட்டவேண்டியது சட்டத்தின் விளிம்பில். உள்ளே அமுங்கியிருக்கும் பின்பலகையில் ஒட்டினால் சுவருக்கு எட்டாது. கடுதாசி மட்டையில் ஒட்டினால் மட்டை உரியும். சட்ட விளிம்பு பட்டியைவிட ஒடுங்கியதாக இருந்தால் அந்தப் பிரேம் இந்த வேலைக்குச் சரிவராது.

சோடிகளைக் கையிலேயே கிளிக் என்று பூட்டி, பிரேமின் மேல் மூலைகளில் நிமிர்த்தி இரண்டு, கீழே மூன்றில் இரண்டு பங்கு இறங்கிப் பக்கங்களில் இரண்டு என ஒட்டுங்கள். படத்தைச் சுவரில் வைத்து ஒவ்வொரு பட்டிக்கு நேராகவும் 30 விநாடி அழுத்துங்கள். இனித்தான் பலர் தவறும் இடம்: படத்தை அப்படியே விட்டுவிடக்கூடாது. கீழ் மூலைகளைப் பிடித்து மேல்நோக்கிக் கிளப்பிக் கழற்றி, சுவரில் தங்கிய பட்டிகளை மட்டும் விரலால் இன்னொரு 30 விநாடி அழுத்தி, ஒரு மணித்தியாலம் வெறுமனே விடவேண்டும். பிசின் பெயின்றின் பள்ளங்களுக்குள் இறங்க நேரம் தேவை, பாரம் ஏறினால் அது இறங்காமல் வழுகத் தொடங்கும். பருக்கையான சுவர் என்றால் ஒரு இரவு விடுங்கள். பிறகு படத்தைப் பொருத்தும்போது நான்கு கிளிக்கும் கேட்கவேண்டும்.

மாட்டிய பிறகு, மேல் விளிம்போடு ஒட்டினாற்போல் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒரு வாரத்தில் விளிம்பு புள்ளிக்குக் கீழே இறங்கியிருந்தால் பட்டி வழுகுகிறது. விழும்வரை பார்த்திருக்காமல் கழற்றுங்கள்.

விழுந்துவிட்டால் பட்டியே காரணத்தைச் சொல்லும். முதுகில் பெயின்ற் தோல் இருந்தால் சுவர் தோற்றது, அதே சுவரில் பெரிய பட்டி போட்டால் பெரிய தோலாக உரியும். வெண்தூள் மட்டும் இருந்தால் பொடியும் பெயின்ற். பட்டி சுத்தமாக வந்தால் எண்ணெய், ஈரம் அல்லது அழுத்தாத குறை. இதை மட்டும்தான் புதுப் பட்டியோடு திரும்பச் செய்து பார்க்கலாம். இழுபட்டு நீண்டிருந்தால் சூடு அல்லது பாரம். சுவர்ப் பாதி சுவரிலும் மறுபாதி பிரேமிலும் நல்லபடி ஒட்டியிருந்தால் பூட்டு விழவில்லை, அல்லது பிரேம் கோணியிருக்கிறது. விழுந்த பட்டியை எப்படியானாலும் மீண்டும் ஒட்டவேண்டாம்.

அறையை விடும்போது கழற்றுவதும் ஒரு வேலைதான், அவசரப்பட்டால் அட்வான்ஸ் போவது இந்த இடத்தில். படத்தைக் கீழ் மூலைகளால் கிளப்பி எடுத்தபின், பட்டியின் வாலைப் பிடித்து, சுவரோடு சுவராக நேர் கீழே, மெல்ல மெல்ல இழுங்கள். ஒரு அடிக்கு மேலும் நீளும், நீள விடுங்கள். மெலிந்து தானாகக் கழரும். உங்கள் பக்கமாக இழுத்தால் பெயின்றோடு வரும். வால் அறுந்துவிட்டால் தலைமயிர் உலர்த்தியால் அரை நிமிடம் சூடுகாட்டி, தங்கூசி நூலையோ பல் இடுக்கு நூலையோ பட்டிக்குப் பின்னால் கொடுத்து வாள்போல் இழுத்து அறுங்கள். மலிவான நுரை ரேப்பை யாராவது முன்னமே ஒட்டி வைத்திருந்தாலும் இதே முறைதான். மிஞ்சும் பிசினை விரல் நுனியால் உருட்டி எடுங்கள். அல்கஹோல் ஊற்றித் தேய்த்தால் பிசினோடு பெயின்றின் மேற்படலமும் கரைந்து, சுற்றிலும் இல்லாத ஒரு மங்கல் வட்டம் அங்கே விழும். உரிந்த பெயின்றைவிட அதுதான் வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படும்.